ஏப்ரல் 5-ல் எண்ணிய மார்ச் 31 சரக்கு

மார்ச் 31 ராத்திரி நாங்கள் வங்கியில் கணக்கு முடிக்கிற அவஸ்தையில் இருப்போம். அதனால் கடன் வாங்கியவர்களின் குடோனுக்குப் போய் சரக்கைப் பார்ப்பது ஏப்ரலில்தான் நடக்கும். ஆனால் பேலன்ஸ் ஷீட்டுக்கு வேண்டியது 31-ம் தேதி இருப்பு. என்ன செய்வது? பின்னோக்கி நடக்க வேண்டியதுதான்.

கணக்கு சுலபம். இன்று எண்ணியதோடு, 31-க்குப் பிறகு வெளியே போனதைக் கூட்டுங்கள். உள்ளே வந்ததைக் கழியுங்கள். காலையில் அரிசி டப்பாவைப் பார்த்து நேற்று எவ்வளவு இருந்தது என்று சொல்வது மாதிரி.

போசரியில் ஒரு பித்தளைக் கம்பி வியாபாரி. ஏப்ரல் 5 காலை, கேட் திறக்கும் முன் எடை போட்டோம். 18,400 கிலோ. நான்கு நாளில் உள்ளே வந்தது 6,000. ஏப்ரல் தேதியிட்ட பில்களின்படி வெளியே போனது 4,500. ஆக 31-ம் தேதி இருப்பு 16,900 கிலோ. அவர் எங்களுக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டிலோ 18,900!

கிலோ 500 ரூபாய் வைத்தால் 2,000 கிலோவுக்கு 10 லட்சம். மனுஷன் இருப்பைக் கூட்டிக் காட்டிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையையும் எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஏப்ரல் 2-ம் தேதி 2,000 கிலோ ஏற்றி ஒரு லாரி போயிருக்கிறது. அதன் பில் தேதி மார்ச் 31. நான் பில் தேதியைப் பார்த்துக் கூட்டினேன்; சரக்கு நகர்ந்த தேதியைப் பார்க்கவில்லை. கேட் கணக்குப்படி வெளியே போனது 6,500. கூட்டிக் கழித்தால் 18,900, கிலோ பிசகாமல். எடைமேடைச் சீட்டும் லாரி ரசீதும் அதையே சொல்லின.

அப்போ எல்லாம் சரியா? அதுதான் இல்லை. அதே 2,000 கிலோவை மார்ச் விற்பனையாகவும் எழுதி, 11 லட்சம் வர வேண்டிய பாக்கி என்று காட்டியிருந்தார். ஒரே சரக்கு குடோனிலும் இருக்கிறது, கடனாளி பட்டியலிலும் இருக்கிறது. அதை வைத்து இரண்டு தடவை கடன் எடுக்கலாம்!

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆர்டரில் வாங்குபவர் இடத்தில் டெலிவரி என்றிருந்தது. எனவே 31-ல் சரக்கு இவருடையதே. இருப்பு நின்றது, பாக்கி போனது. ஒருவேளை குடோனிலேயே உரிமை கைமாறிவிடும் என்று பேசியிருந்தால் பாக்கி நின்று இருப்பு குறைந்திருக்கும்.

இன்னொன்று. இதைக் கிலோவில்தான் செய்ய வேண்டும். விற்பனை ரூபாயை அப்படியே கூட்டினால் அவர் லாபமும் இருப்பில் ஏறிவிடும். மதிப்பு போடுவது கடைசியில், அடக்க விலையில்.

முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். தப்பு இருந்தது உண்மை. ஆனால் நான் எழுதிய தப்பு அதுவல்ல. கம்பி எங்கேயும் போகவில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.