மூன்றாம் குழிக்கும் நான்காம் குழிக்கும் நடுவே

காரைக்காலில் நான் பார்க்கப் போனது ஒரு குடியிருப்பு வளாகத்தின் உள் சாக்கடை. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் ஆறங்குலக் குழாய் வழியாக, குழி குழியாக இறங்கி, கடைசியில் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகிறது. மாதம் தவறாமல் அடைப்பு. லாரி வரும், அடிக்கும், பணம் வாங்கிக்கொண்டு போகும். அடுத்த மாதம் அதே வீட்டுக் குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வரும். இந்த முறை சங்கத்தார் லாரிக்குச் சொல்லுமுன் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேஸ்திரி வந்ததும் எதையும் குத்தவில்லை. உடன் வந்த இரண்டு இளைஞர்களைக் கொண்டு வரிசையாக எல்லா மூடிகளையும் கடப்பாரையால் நெம்பி நகர்த்தச் சொன்னார். மூடிகளைச் சுற்றித் தடுப்பு வைத்தார். பிறகு நிழலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு மணி நேரம் காத்து போகட்டும் சார். பீடி, தீப்பெட்டி எதுவும் பக்கத்துல வேணாம்" என்றார். உள்ளே மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். இன்னொன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை வரும்வரை அது இருப்பது தெரியும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்ப சக்தியையே அது மரக்கச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று தலையை உள்ளே நீட்டுபவர்தான் முதலில் விழுவார்.

யாரும் குழிக்குள் இறங்கப் போவதில்லை என்பது அவர் வேலைக்கு வைத்திருந்த முதல் விதி. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. "சட்டம் இல்லாட்டியும் இறங்க மாட்டேன். மேலேருந்தே எல்லாம் தெரியுமே" என்றார் மேஸ்திரி. மேலிருந்தே எப்படித் தெரிகிறது என்பதுதான் அன்று நான் பார்த்தது.

மூன்றாம் குழி விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. நான்காவது ஏறக்குறைய காய்ந்திருந்தது. அப்படியானால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவே. இதை நானே சொல்லிவிடுவேன். மேஸ்திரியின் கண் போனது சுவருக்கு. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கறைக்கோடு இருக்கிறது. முதல் குழியின் மேல்சுவரில் கரப்பான் பூச்சிகள் மொய்த்தன. அங்கே அண்மையில் தண்ணீர் ஏறவில்லை. மூன்றாம் குழியில் ஒரு கரப்பான்கூட இல்லை. கோடு கோடாகப் பல கறைகள், ஒன்றின்மேல் ஒன்று. அடைப்பு எத்தனை முறை எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி.

குத்துவதை நிரம்பிய குழியிலிருந்து தொடங்கக் கூடாது, காய்ந்த கீழ்க்குழியிலிருந்து மேல்நோக்கிக் குத்த வேண்டும். அங்கேதான் குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியும். உடைந்த அடைப்பும் தண்ணீரோடு நம் பக்கமே வரும். நான்காம் குழியின் வெளிப்போக்கு வாயில் முதலில் ஒரு கம்பி வலையைக் கயிற்றில் இறக்கி வைத்தார்கள். இல்லாவிட்டால் இங்கே உடைத்த அடைப்பு ஐந்தாம் குழிக்குப் போய் மறுபடி அடைக்கும். மாதந்தோறும் வந்த லாரிக்காரர்கள் இந்த வலையை வைத்ததே இல்லையாம்.

ஒரு மீட்டர் ராடுகளை ஒன்றோடொன்று முறுக்கி உள்ளே செலுத்தினார்கள். பதினோராவது ராடில் முட்டியது. இரண்டு குத்து, ஒரு திருகு. உறுமிக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. இளைஞர்கள் இருவரும் முன்பே விலகி நின்றிருந்தார்கள். வலையில் விழுந்ததை முள்வாரியால் தூக்கித் தரையில் பரப்பினார் மேஸ்திரி. ஈரத் துடைப்பான்கள், நாப்கின், கெட்டியான எண்ணெய்க் கட்டி, ஒரு மாங்கொட்டை. மாங்கனித் திருவிழா முடிந்த சமயம் அது. இளைஞர்களுக்கு அந்தக் கொட்டையைப் பார்த்து ஒரே சிரிப்பு. மேஸ்திரி மட்டும் குப்பையை ஒதுக்கிவிட்டு அடியில் தங்கிய மணலைக் கையுறையோடு கிள்ளித் தேய்த்தார். பாத்திரம் தேய்க்கும் வண்டல் கிடையாது. கரகரவென்று சுத்தமான மணல். "வீட்டு மணலா இருந்தா கறுத்து நாறும். இது பூமி மணல். குழாய்க்குள்ள பூமி வருது."

அன்று இரவு அவர் மறுபடி வந்தார். நானும் உடன் இருந்தேன். ஊர் அடங்கி, யாரும் குழாய் திறக்காத நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றாம் குழியில் ஓட்டமே இல்லை. நான்காம் குழியில் மெல்லிய, தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீடும் விடாத தண்ணீர் நடுவில் எங்கிருந்து வரும்? நிலத்தடியிலிருந்துதான்.

காலையில் கண்ணாடிச் சோதனை. மூன்றாம் குழியில் கழியின் நுனியில் விளக்கைக் கட்டிக் குழாயின் வாயருகே இறக்கினார்கள். நான்காம் குழியில் இன்னொரு கழியில் கண்ணாடியைச் சாய்த்துக் கட்டி இறக்கினார்கள். குழாய் நேராக இருந்தால் கண்ணாடியில் முழு வட்ட வெளிச்சம் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது பாதி நிலா. கீழ்ப்பாதியைத் தேங்கிய நீர் மறைத்திருந்தது. குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது. நான்காம் குழியிலிருந்து தரையில் பதினொரு மீட்டர் அளந்து போய் நின்றால், தண்ணீர் லாரி திரும்பும் இடம். ஆழமில்லாத குழாய்மேல் லாரி ஏறி ஏறி இணைப்பு விரிந்திருக்கிறது. விரிசலில் ஊற்றுநீரும் மணலும் நுழைகின்றன. தொய்வில் மணல் தங்குகிறது. அதன்மேல் துணியும் எண்ணெயும் பிடிக்கின்றன. மாதம் ஒருமுறை அழுத்தத்தில் அடித்தது மணலைத்தான் கழுவியது, விரிசலை அப்படியே விட்டது. கூடுதல் அழுத்தம் விரிசலை அகட்டியிருக்கவும் கூடும்.

ஆழமாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "வாட்டத்துக்கு எங்க சார் போறது?" என்றார். ஆறங்குலக் குழாய்க்கு நூறுக்கு ஒன்று வாட்டம் என்பது வழக்கம். குழிக்குக் குழி 30 மீட்டர் என்றால் ஒவ்வொரு குழியும் முந்தையதைவிட 30 சென்டிமீட்டர் ஆழம். பத்து இடைவெளி போனால் 3 மீட்டர். தரையோ தட்டையான டெல்டாக் கரை. மழைக்காலத்தில் ஓர் ஆள் ஆழம் தோண்டுமுன்பே ஊற்று பீறிடும். அதனால் இந்தப் பக்கம் குழாய் போடுகிறவர்களுக்கு வாட்டத்தைக் குறைக்கும் ஆசை வரும். குறைத்தால் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போய், கசடு தானாக அடித்துச் செல்லப்படாது.

அவர் சொன்ன மருந்து இதுதான்: அந்த ஆறேழு மீட்டரை மட்டும் தோண்டி, ரப்பர் வளைய இணைப்புள்ள குழாய் மாற்றி, சுற்றிக் கான்கிரீட் போட்டு மூடுவது. செய்ய வேண்டிய காலம் சித்திரை, வைகாசி. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து நிலத்தடி நீர் ஏறிவிட்டால், பள்ளத்தின் கரை சரிந்துகொண்டே இருக்கும். குழாயை மாற்றும்வரை தண்ணீர் லாரி அந்த இடத்தில் திரும்பக் கூடாது. மாதம் ஒருமுறை எல்லா மூடிகளையும் திறந்து கறைக்கோட்டையும் மணலையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும். மொட்டைமாடி மழைக்குழாய் இரண்டு சாக்கடையில் விட்டிருந்ததையும் பிரிக்கச் சொன்னார்.

கடைசியாக அவர் சங்கத்தாரிடம் அழுத்திச் சொன்னது குழாயைப் பற்றி அல்ல. 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் சாக்கடை வாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பெண்கள் இறந்தார்கள். கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே வளைவில் நிற்கும் நீர்தான் வாயுவைத் தடுக்கும் கதவு. லாரி அழுத்தத்தில் அடிக்கும்போதும் உறிஞ்சும்போதும் அந்த நீர் இழுபட்டுப் போகலாம். ஆகவே உங்கள் தெருவில் அடைப்பு எடுத்து முடிந்ததும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு கழிப்பறையிலும் குளியலறைத் துளையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் வாடை வந்தால் வீட்டைவிட்டு வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்கள்.