பத்தாம் நாள் சொல்லும் செய்தி

'எனக்கு சைனஸ் இருக்கிறது' என்று பலரும் சொல்வதுண்டு. சைனஸ் என்பது நோயின் பெயரன்று; முக எலும்புகளுக்குள் அமைந்த காற்றறைகளின் பெயர். அவை எல்லோருக்கும் உண்டு. அவற்றின் உட்படலம் மூக்கின் உட்படலத்தோடு தொடர்ச்சியானது என்பதால், சாதாரணச் சளி பிடித்தாலே அவையும் வீங்கும். அவற்றில் நீர் தேங்கும். ஆகவே சளியின்போது முகம் கனப்பதையோ எக்ஸ்ரேயில் நிழல் தெரிவதையோ மட்டும் கொண்டு பாக்டீரியா புகுந்துவிட்டதாக முடிவுகட்ட இயலாது.

சளியின் நிறமும் அவ்வாறே ஏமாற்றும். மஞ்சளும் பச்சையும் பாக்டீரியாவின் நிறமல்ல. தொற்றை எதிர்க்க வந்து குவியும் வெள்ளணுக்களில் பச்சை நிறமுடைய ஒரு நொதி இருக்கிறது. வைரஸை எதிர்க்கவும் அவ்வணுக்கள் வருவதால், வெறும் வைரஸ் சளியும் நான்காம் நாளில் பச்சையாகலாம்.

அப்படியாயின் எதைக் கொண்டு பிரித்தறிவது? நாள்கணக்கைக் கொண்டுதான். டெல்லியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஆய்வு மாணவர் ஒருவரின் இரு நோய்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் நோய் நவம்பரில், புகைமூட்டக் காலத்தில் வந்தது. முதலிரு நாள் தொண்டை வலியும் இலேசான காய்ச்சலும் இருந்தன. நான்காம் நாள் சளி மஞ்சளாயிற்று. ஐந்தாம் நாள் மூக்கு முற்றிலும் அடைத்தது. அறைத்தோழர் தம்மிடம் மிஞ்சியிருந்த மூன்று அசித்ரோமைசின் மாத்திரைகளை நீட்டினார். 'போன முறை எனக்கு இதில்தான் கேட்டது' என்றார். மாணவர் அவற்றை விழுங்காமல், ஆவி பிடித்தும், கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவியும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுத்தும் நாளைக் குறித்துவந்தார். ஏழாம் நாள் அடைப்பு தளர்ந்தது. பத்தாம் நாள் சிறு இருமலே எஞ்சியது. வைரஸ் சளியின் இயல்பான போக்கு இது: முதல் சில நாட்களில் உச்சம், பிறகு இறக்கம். ஐந்தாம் நாள் தொடங்கிய மூன்று நாள் மாத்திரை ஏழாம் நாள் முடிந்திருக்கும். தானே இறங்கிய நோயின் புகழ் மாத்திரைக்குச் சேர்ந்திருக்கும். அடுத்த சளிக்கும் அதே அட்டை வாங்கப்பட்டிருக்கும். அறைத்தோழரின் நம்பிக்கையும் இவ்வாறு பிறந்ததாகவே இருக்கலாம்.

இரண்டாம் நோய் ஜனவரியில் வந்தது. அதே தொடக்கம், அதே மஞ்சள். ஆறாம் நாள் இரவு நிம்மதியாக உறங்கினார். ஏழாம் நாள் மாலை காய்ச்சல் திரும்பியது. குனிந்தால் வலக்கன்னம் விண்ணென்று தெறித்தது. வலப்பக்க மேற்பற்கள் வலித்தன. கெட்டியான சளி அந்த ஒரு பக்கமே மிகுதியாக வந்தது. தேறி வந்த நோய் மீண்டும் ஏறிய இந்தத் திருப்பமே முக்கியக் குறி. வைரஸ் வீக்கத்தால் வடிகால் அடைபட்ட அறையில் பாக்டீரியா பெருகியிருக்கக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

எட்டாம் நாள் பார்த்த மருத்துவர் சளியின் நிறத்தைக் கேட்கவில்லை. தொடங்கிய தேதியையும் இடையில் தேறியதா என்பதையுமே முதலில் கேட்டார். கண்ணைச் சுற்றி வீக்கம் உண்டா என்று பார்த்தார். பென்சிலின் ஒவ்வாமை பற்றி விசாரித்தபின் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் எழுதினார். இந்நோய்க்குரிய பாக்டீரியாக்களில் பல அசித்ரோமைசினுக்கு அடங்காதவையாகிவிட்டதால் அது முதல் தேர்வாக இல்லை. மூன்று நாளில் குறையாவிட்டால் மீண்டும் வருமாறும் சொல்லியனுப்பினார்.

இவ்வாறு மீண்டும் ஏறுவது ஒரு நியாயம். சற்றும் தேறாமல் பத்து நாள் நீடிப்பது இரண்டாவது. தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலும், அதனுடன் சீழ்ச்சளியோ முகவலியோ மூன்று நான்கு நாள் விடாதிருப்பது மூன்றாவது. இம்மூன்றில் ஒன்றும் இல்லாதபோது எடுக்கும் ஆன்டிபயாட்டிக் வயிற்றுப்போக்கைத் தரலாம். உடலிலுள்ள பாக்டீரியாக்களை எதிர்ப்புக்குப் பழக்கலாம். வைரஸை ஒன்றும் செய்யாது. பத்து நாளைக் கடந்தாலும், நோய் கடுமையாக இல்லாத பெரியவர்களில் மருத்துவரின் கண்காணிப்போடு இன்னும் சில நாள் பொறுத்துப் பார்ப்பதும் ஏற்கப்பட்ட முறையே. பாக்டீரியாத் தொற்றுகளிலும் பல தாமாகவே ஆறுகின்றன.

ஆனால் சில அறிகுறிகளுக்கு இந்த நாள்கணக்கு பொருந்தாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், தாங்கவொண்ணாத் தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை எந்த நாளில் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு முகம் மரத்துப்போவதும் மூக்கில் கருமை தோன்றுவதும், 2021இல் இந்தியா கண்ட கருப்புப் பூஞ்சை நோயின் அறிகுறியாகலாம். மற்றபடி சளி தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்துவைத்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும்.