எங்கள் தெருவின் மூன்று குழிகள்

கோலிக்குண்டு என்றதும், அரைக்கால் சட்டைப் பையில் குண்டுகள் கலகலவென்று ஒலிக்க ஓடும் பையன்கள்தாம் பலருடைய நினைவுக்கு வருவார்கள். திருச்சியில் எங்கள் தெருவிலும் தொடக்கத்தில் அது பையன்களின் ஆட்டமாகத்தான் இருந்தது. நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, பெண்பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்து சென்று எங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டோம். அண்ணன்மார் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்கள். "தோத்தா முட்டி தள்ளணும். பாதியில அழுதுக்கிட்டு வீட்டுக்கு ஓடக் கூடாது. சம்மதமா?" நாங்கள் சம்மதித்தோம். அன்று முதல் ஏழாம் வகுப்பு முடியும் வரை அந்தப் புழுதி எங்களுக்கும் சொந்தமாக இருந்தது.

எங்கள் தெருவில் ஆடியது மூன்று குழி ஆட்டம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மண் பதமாக இருக்கும்போது, குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினால் குழி தயார். மூன்று விரல் அகலமும் இரண்டு விரல் ஆழமும் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் உள்ளே விழுந்த குண்டு வெளியே துள்ளிவிடும். இப்படி நான்கடிக்கு ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் மூன்று குழிகள் தோண்டுவோம்.

யார் முதலில் ஆடுவது என்பதற்குச் சண்டையே வராது. மூன்றாம் குழியின் அருகில் நின்று எல்லோரும் முதற் குழியை நோக்கிக் குண்டை உருட்டுவோம். குழிக்கு மிக அருகில் நிற்கும் குண்டுக்கு உரியவர் முதலில் ஆடுவார். தொலைவில் நிற்பவர் கடைசி. அதன் பின் ஒன்று, இரண்டு, மூன்று என்று குழிகளில் வரிசையாக விழுந்து, அதே வழியில் முதற் குழிக்குத் திரும்ப வேண்டும். திரும்பியவர் 'பழம்'. குழியில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம். பிறர் குண்டை அடித்தாலும் இன்னொரு முறை ஆடலாம். அடிபட்ட குண்டு எங்கே போய் நிற்கிறதோ, அதற்கு உரியவர் தம் முறை வரும்போது அங்கிருந்துதான் ஆட வேண்டும். பிறர் அடித்துத் தம் குண்டு தமக்குரிய குழியில் விழுந்துவிட்டால் அது அவருடைய அதிர்ஷ்டம். அந்தக் குழி அவர் கணக்கில் சேரும்.

குண்டை எறியும் முறையைத் தோழியர் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். குந்தி உட்கார்ந்து, இடக் கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்ற வேண்டும். இடக் கை நடுவிரலின் நுனியில் குண்டை வைத்து, வலக் கை விரல்களால் குண்டைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். நடுவிரல் வில்லைப் போல வளையும். பிடியை விட்டதும் விரல் நிமிர்ந்து குண்டை முன்னால் வீசும். ஊன்றிய கட்டைவிரல் தரையை விட்டு எழும்பினால் குறி தப்பும். குண்டு எங்கோ மேலே போய் விழும். அந்த விரலை முன்னால் நகர்த்தி வைப்பது கள்ள ஆட்டம். ஆகையால் ஒருவர் எறியும்போது மற்றவர்களின் கண்கள் குண்டின் மேல் இராது. கட்டைவிரலின் மேல்தான் இருக்கும்.

எல்லோருடைய குண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான விதி. பெரிய குண்டு கொண்டு வந்தவரை ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம். அதன் காரணம் பத்தாம் வகுப்பு அறிவியலில் உந்த அழிவின்மை விதியைப் படித்தபோதுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று. ஒரே எடையுள்ள இரண்டு கண்ணாடிக் குண்டுகள் நேருக்கு நேர் மோதினால், வந்த குண்டு தன் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் நின்ற குண்டுக்குக் கொடுத்துவிட்டுத் தான் அங்கேயே நின்றுவிடும். ஓரத்தில் பட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரியும். பெரிய குண்டோ மோதிய பிறகும் நிற்காமல் முன்னேறிக்கொண்டே போகும். அதை வைத்திருப்பவருக்கு அது நியாயமற்ற ஆதாயம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தரையில் உருண்டு சென்று மோதும் குண்டு, தன் வேகத்தைக் கொடுத்துவிட்டாலும் சுழற்சியை விடுவதில்லை. எனவே ஒரு கணம் நின்று, பிறகு மெல்ல முன்னால் உருளும். தரையைத் தொடாமல் பறந்து சென்று மோதும் குண்டு அதிகம் சுழலாது. ஆகவே மோதிய இடத்தை விட்டு அதிகம் நகராது. உருட்டுவதா, பறக்கவிடுவதா என்று முடிவு செய்வதில்தான் ஆட்டக்காரரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஒரு பொங்கல் விடுமுறையில் நடந்த ஆட்டத்தைச் சொன்னால் இது தெளிவாகும். எங்களில் இளையவளும் எதிர்வீட்டு அண்ணனும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். இருவருக்கும் மூன்றாம் குழி பாக்கி. அண்ணனின் குண்டு அந்தக் குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவளுடைய குண்டு அதே கோட்டில் மூன்றடி பின்னால் நின்றது. குழிக்கு நேர்வழி அடைபட்டிருந்தது. மெல்ல உருட்டி மோதினால் அண்ணனின் குண்டு நகர்ந்து குழியிலேயே விழுந்துவிடும், லாபம் அவருக்கு. ஓரத்தில் தட்டினால் அவளுடைய குண்டும் விலகிப் போய்விடும். அவள் நடுவிரலை நன்றாக வளைத்துக் குண்டைத் தாழப் பறக்கவிட்டாள். 'டக்'கென்ற ஓசை கேட்டது. அண்ணனின் குண்டு பாய்ந்த வேகத்தில் குழியில் இறங்க நேரமில்லாமல் அதைத் தாண்டிச் சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. அவளுடைய குண்டு குழிக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. அடித்ததற்கு இன்னொரு முறை உண்டல்லவா? அந்த ஒரு சாணை உருட்டிக் குழியில் விழவைத்தாள். மற்ற இரண்டு குழிகளையும் முடித்துப் பழமானாள்.

கடைசியில் மிஞ்சியவர் முட்டி தள்ள வேண்டும். கையை முறுக்கி மூடி, விரல் முட்டிகளால் தம் குண்டைத் தரையோடு தள்ளிக்கொண்டே முதற் குழி வரை கொண்டு வர வேண்டும். அது குழிக்கு அருகில் வரும்போதெல்லாம் பழமானவர்கள் ஆளுக்கொரு முறை அதை அடித்துத் துரத்தலாம். சரளைக்கல்லில் தோல் உரியும். எங்கள் ஐவருடைய முட்டிகளும் பலமுறை உரிந்திருக்கின்றன. அன்று எதிர்வீட்டு அண்ணன் சாக்கடை ஓரத்திலிருந்து முதற் குழி வரை முனகாமல் தள்ளினார். பெண்பிள்ளையிடம் தோற்றதற்குத் தள்ள வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவுமில்லை.

கேட்டவர் பாட்டிதான். ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், "வயசுக்கு வந்த பிள்ளைங்க தெருவுல குந்திக்கிட்டு என்னடி ஆட்டம்?" என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி எழுந்தது. நாங்கள் திண்ணைக்கு வந்துவிட்டோம். மறு ஆண்டில் தெருவுக்குச் சிமெண்ட் தளம் போட்டார்கள். சேறு போயிற்று; கொசுவும் குறைந்தது. ஆனால் குதிகாலை ஊன்றினால் இறங்கும் மண் இல்லாமற் போகவே, அண்ணன்மாரும் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் மட்டும் பத்தடி நீளத்துக்கு மண் மிச்சமிருக்கிறது. மூன்று குழிக்கு அது போதும். சென்ற மாதம் மழை விட்ட மறுநாள் அங்கே குழி தோண்டி, நான்காம் வகுப்புப் படிக்கும் தங்கைக்குக் கட்டைவிரல் ஊன்றக் கற்றுக் கொடுத்தோம். அவள் முதலில் கேட்டது, "தோத்தா என்னக்கா பண்ணணும்?" என்பதுதான். பாட்டி கொல்லைப் படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முட்டி தள்ளணும்" என்றார்.