மாதம் ஒரு புத்தகம்

கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழரையாகிவிடும்.

முதலில் 400 பக்க நாவல் ஒன்றை எடுத்தேன். ஓடும் பஸ்ஸில் வாசித்தால் சத்தி வந்தது. ஓவர்டைம் வாரத்தில் தொடாமல் விட்டதில் யார் யாரென்பதே மறந்துபோய், தொண்ணூறாம் பக்கத்தோடு நின்றுவிட்டேன்.

பிறகு நூலகத்தில் 144 பக்கச் சிறுகதைத் தொகுதி ஒன்றை இரவல் எடுத்தேன். இரண்டு வாரத் தவணை. ஒருமுறை புதுப்பித்தால் நான்கு வாரம். அதில் வேலைநாள் 24. நாளுக்கு ஆறு பக்கம் போதும். மதியச் சாப்பாட்டின் பின் மூன்று, மாலையில் பஸ் புறப்படுமுன் மூன்று. தவறியவற்றை ஞாயிறு உடுப்புத் தோய்த்தபின் வாசித்தேன். சிறுகதை என்பதால் இடைவெளி விழுந்தாலும் தொடர்பு அறவில்லை.

2008இல் இடம்பெயர்ந்தபோது பாடப் புத்தகத்தைப் பாதியில் விட்டவள் நான். அதன்பின் கடைசிப் பக்கம்வரை வாசித்த முதல் புத்தகம் அதுதான்.