ஒரு வரியை இருமுறை படித்தல்

எனக்கு ஒரு பழைய கனவு உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபம். மேசைமேல் விரித்துவைத்த நாளிதழ். படிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் புகை மணக்கும். ஓட முனைவேன், கால்கள் அசையா. வியர்த்து எழுவேன். அந்நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு 1981இல் எரிக்கப்பட்டது என்பதும், பின்னர் மீளக் கட்டப்பட்டது என்பதும் விழித்த பிறகே நினைவுக்கு வரும்.

கனவுக்குள் இருக்கையில் அவ்வுண்மை ஏன் தோன்றுவதில்லை? எத்தனை அபத்தம் நிகழ்ந்தாலும் அங்கு நாம் ஐயுறுவதில்லை. பகலில் ஐயுறப் பழகினால் அப்பழக்கம் கனவிலும் தொடரக்கூடும். கனவு காண்கையிலேயே அது கனவென அறிவதை லூசிட் ட்ரீமிங் என்பர். தெளிவுக் கனவு என்று நாம் சொல்லலாம். இது வெறும் கற்பனையன்று. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர் இதனை ஆய்வுகூடத்தில் பதிவுசெய்தார். கனவுறக்கத்தில் உடல் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். ஆகவே அலன் வோர்ஸ்லி என்பவர், முன்னரே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்டினார்.

நான் முதலில் செய்தது கனவுக் குறிப்பேடு எழுதியது. விழித்ததும் அசையாமற் படுத்து, நினைவில் நின்றதை மீட்டுப் பார்த்து, உடனே எழுதிவிட வேண்டும். மூன்று வாரங்களில் பதினொரு கனவுகள் சேர்ந்தன. அவற்றுள் ஐந்தில் நான் எதையோ வாசித்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப வரும் இத்தகைய பொருளே கனவின் அடையாளம். சோதனையை அதனோடு பிணைக்க வேண்டும்.

எனக்கேற்ற சோதனை என் தொழிலிலேயே இருந்தது. ஒரு வரியைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி அதே வரியைப் படிப்பது. அச்சுப்படி திருத்துவோர் அன்றாடம் செய்வதுதான். விழிப்பில் வரி மாறாது. கனவில் பெரும்பாலும் மாறிவிடும். இரண்டாவது சோதனை, மூக்கை இறுகப் பிடித்து, வாயையும் மூடி, மூச்சிழுத்துப் பார்ப்பது. கனவில் மூச்சு தடையின்றிப் போகும். ஒருநாள் விறாந்தையில் இதனைச் செய்துகொண்டிருந்தபோது மனைவி கேட்டார்: "என்னப்பா, மூக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? மணக்குதோ?"

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தவறு என்னுடையது. "இது கனவல்ல" என்ற விடையை முன்னரே வைத்துக்கொண்டு சோதித்தேன். அப்படிச் செய்தால் கனவிலும் அதே விடைதான் கிடைக்கும். பின்னர், சோதிக்குமுன் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: இங்கே எப்படி வந்தேன், பத்து நிமிடங்களுக்கு முன் எங்கிருந்தேன்? கனவில் இதற்கு ஒழுங்கான விடை கிடைப்பது அரிது.

இரவுக்கும் ஒரு முறை உண்டு. விடியலை நெருங்க நெருங்கக் கனவுறக்கம் நீளும். ஆகவே ஐந்து மணிநேர உறக்கத்தின் பின் எழுந்து, கால்மணிநேரம் விழித்திருந்து, கடைசிக் கனவை நினைவுகூர்ந்தேன். அதில் நான் வரியை இருமுறை படிப்பதாகக் கற்பனை செய்து, "அடுத்த கனவில் அது கனவென அறிவேன்" என்ற எண்ணத்தோடு மீண்டும் உறங்கினேன். அமெரிக்கரான ஸ்டீபன் லபேர்ஜ் வகுத்த முறை இது.

ஏழாவது வாரம், அதே மண்டபம். தலைப்பைப் படித்தேன். யன்னலைப் பார்த்துத் திரும்பினால் வேறு தலைப்பு! மூக்கைப் பிடித்தேன், காற்று உள்ளே போனது. "இது கனவு" என்று மகிழ்ந்த கணமே விழித்துவிட்டேன். தொடக்கத்தில் பலருக்கும் நேர்வது இது. உள்ளங்கைகளைத் தேய்த்து, அந்த உணர்வில் கவனத்தை நிறுத்தினால் கனவு சற்று நீடிக்கும் என்பர்.

அடுத்த முறை அப்படியே செய்தேன். புகை மணந்தது. நான் ஓடவில்லை. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்தேன். ஏட்டைப் புரட்டினேன். எழுத்துகள் நிலைகொள்ளவில்லை, ஒரு வரியைக்கூட இருமுறை படிக்க முடியவில்லை. எரிந்துபோன நூல்களைக் கனவு திருப்பித் தரவில்லை. ஆனால் அச்சமின்றி அவற்றின் நடுவே சற்று நேரம் நிற்க முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. இரவில் எழும் முறையை நான் வாரத்தில் ஒருநாள் மட்டுமே செய்கிறேன். அதற்கு மேல் செய்தால் உறக்கம் கெடுகிறது. நனவையும் கனவையும் பிரித்தறிவதிலேயே இடர்ப்படும் மனநோய் உள்ளவர்கள் இதில் இறங்கலாகாது. போரின் கொடுங்கனவுகள் இரவுதோறும் வருமானால் முதலில் மருத்துவரையே நாட வேண்டும்.

அக்கனவு இப்போதும் எப்போதாவது வருகிறது. எல்லா முறையும் நான் விழித்துக்கொள்வதில்லை.