ஒரு பக்கக் கடிதம் வேண்டாம்... 'பார்த்துட்டேன்' போதும்!

திங்கட்கிழமை காலை 7.10. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் ஒரு மெசேஜ் அனுப்பினாள். ''அம்மாவுக்கு மார்புல கட்டி இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. வியாழக்கிழமை பயாப்ஸி. நீங்க வர முடியுமா?''

அவனிடமிருந்து பதில் வந்தபோது இரவு மணி 11.40. முப்பது வரிக்கும் மேல் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அம்மா தன்னை 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்டது, அந்த ஒரு கேள்வியிலேயே அவரைத் தன் அம்மாவாக நினைத்துவிட்டது, அவள் அழுதால் தனக்கு எப்படி வலிக்கும் என்பது... எல்லாம் அதில் இருந்தன. படிக்கப் படிக்க அவளுக்குக் கண் கலங்கியது. இரண்டாவது முறை படித்தபோதுதான் தெரிந்தது, வியாழக்கிழமை அவன் வருவானா மாட்டானா என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

அவள் மதுரையில் பள்ளி ஆசிரியை. அவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஆவணியில் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேச்சு. நடுவில் இருக்கும் நான்கைந்து மாதங்களுக்கு போன்தான் உறவு. அந்த போனில் அவன் இரண்டு விதமாகத் தெரிந்தான். எழுதினால் மனதை அப்படியே கொட்டுவான். ஆனால், பதில் வர எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும்.

ஸ்டாஃப் ரூமில் இதற்கு இரண்டு தீர்ப்புகள் கிடைத்தன. ''இந்தக் காலத்துல இப்படி உக்காந்து எழுதுற பையன் கிடைக்கிறதே பெருசு'' என்றார் ஒருவர். ''ஆசை இருந்தா ஒரு நிமிஷம் கிடைக்காதா?'' என்றார் இன்னொருவர். இரண்டுமே சரி என்று தோன்றியதுதான் அவளுடைய சிக்கல்.

அன்று இரவு தூக்கம் வராமல், தான் காலையில் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து அதன் 'Info'-வைப் பார்த்தாள். மெசேஜ் எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படிக்கப்பட்டது என்ற இரண்டு நேரங்களையும் வாட்ஸ்அப் அங்கே காட்டும். காலை 9.25-க்குப் படித்திருக்கிறான். அன்று அவனுக்கு வார விடுமுறை வேறு.

பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், கடந்த இரண்டு வார மெசேஜ்களைப் பிரித்து எழுதினாள். வேலை நாள்களில் நடந்த தாமதம் முதலில் கழிந்தது. தொழிற்சாலைக்குள் போன் கூடாது. லாக்கரில்தான் இருக்கும். அந்த நாள்களில் இரண்டு சாம்பல் நிற டிக்கோடு மெசேஜ் காத்திருந்து, ஷிப்ட் முடிந்த பிறகுதான் நீலமாகியிருக்கிறது. படிக்கவே முடியாதவன் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? மிச்சம் இருந்தது, நீல டிக் விழுந்த பிறகும் பதில் வராத நேரங்கள்.

அடுத்து, பதில் தேவைப்பட்ட கேள்விகளை மட்டும் எண்ணினாள். பதினொன்று. மண்டபத்துக்கு முன்பணம் கட்டலாமா, உங்க அக்கா எத்தனை பேரோட வர்றாங்க மாதிரியான சாதாரணக் கேள்விகள். அவற்றில் மூன்றுக்குத்தான் நேரடி பதில் இருந்தது. மற்றவற்றுக்கு அன்பு வந்திருந்தது, ஏக்கம் வந்திருந்தது, பதில் வரவில்லை. இத்தனை நாளாக அவள் எண்ணிக்கொண்டிருந்தது மணிக்கணக்கை. உறுத்தியது அது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

செவ்வாய் மாலை அவன் ஷிப்ட் முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். சண்டை போடவில்லை. ''நேத்து காலையிலேயே படிச்சீங்க. வருவீங்களா மாட்டீங்களான்னு ஏன் சொல்லலை?'' என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான். ''லீவு கேட்டுட்டு சொல்லலாம்னு இருந்தேன். சூப்பர்வைசருக்கு போன் பண்ணினேன், அவர் எடுக்கலை. இவ்ளோ பெரிய விஷயத்துக்கு 'பார்க்கிறேன்'னு ஒத்தை வார்த்தை அனுப்ப சங்கடமா இருந்துச்சு. நேரம் ஆக ஆக, தாமதத்துக்கும் சேர்த்து நல்லா எழுதணும்னு தோணிடும். எப்பவும் அப்படித்தான் ஆகுது.''

தாமதமும் நீளமும் இரண்டு எதிரெதிர் குணங்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. 'முடியாது' என்று சொல்லத் தயங்கி ஒருவர் பதிலைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டது கடனாக ஏறுகிறது. ராத்திரி அந்தக் கடனை வட்டியோடு அடைக்க ஒரு நீள மெசேஜ் வருகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், கேட்ட பொருள் மட்டும் கைக்கு வரவில்லை.

தம்பதிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சொல்வதும் இதை ஒட்டித்தான் வருகிறது. புதிதாகத் திருமணமானவர்களை அவர் கவனித்து, ஆறு ஆண்டுகள் கழித்து அவர்கள் நிலையைப் பார்த்தார். துணையின் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு, சேர்ந்தே இருந்தவர்கள் 86 சதவிகிதம் முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவிகிதம்தான். 'இங்க பாரேன்' என்றால் நிமிர்ந்து 'ம்' என்பதுகூட அவர் கணக்கில் பதில்தான். அவர் பார்த்தது ஒரே அறையில் இருந்தவர்களை. அங்கே முகம் தெரியும். போனில் 'ம்' என்பதையும் தட்டித்தான் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் எதிர்ப்பக்கம் வெறும் நீல டிக்தான் தெரியும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ''எனக்குப் பெருசா எழுத வேண்டாம். படிச்ச உடனே 'பார்த்துட்டேன், இத்தனை மணிக்கு சொல்றேன்'னு போடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லுங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்குவேன்.''

அன்று இரவு 8 மணிக்கு மெசேஜ் வந்தது. ''வியாழன் லீவு இல்லை. ஞாயிறு காலையில அங்க இருப்பேன்.'' இரண்டே வரி. படித்ததும் அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் உடனே சித்தப்பாவுக்கு போன் செய்தாள். வியாழக்கிழமை அவர் ஆட்டோவோடு வாசலில் நின்றார். திங்கட்கிழமையே இந்த 'இல்லை' வந்திருந்தால், அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி அவன் வந்தான். அவள் அம்மாவோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். அடுத்த வாரம் வந்த ரிப்போர்ட்டில் பயப்படும்படி எதுவும் இல்லை.

தவறைச் சொன்னதும் ஒருவர் மாறுவது பெரிய விஷயமில்லை. நான்கு நாள் எல்லோரும் மாறுவார்கள். அதனால் அடுத்த மாதமும் அவள் ஒருமுறை அதே கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கேள்விகள் ஒன்பது. இரண்டு தவிர எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பல பதில்கள் 'ஷிப்ட்ல இருந்தேன், 3 மணிக்குக் கூப்பிடுறேன்' என்ற அளவுதான். மூன்று மணிக்கு போன் வந்ததா என்பதையும் பார்த்தாள். வந்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தத் தாள் பழையபடியே இருந்திருந்தால், அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டு கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்க வீட்டில் சொல்லியிருப்பேன் என்று பிறகு அக்காவிடம் சொன்னாள்.

நீளமான மெசேஜ்கள் அதன் பிறகு குறைந்துவிட்டன. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. மார்கழிக் கடைசியில், பத்திரிகை வைத்து முடித்த இரவு, ஒன்று வந்தது. பழைய மாதிரியே முப்பது வரி. அவள் அவசரமில்லாமல் படித்தாள். அதில் பதிலைத் தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைய கேள்விகளுக்கெல்லாம் பகலிலேயே பதில் வந்திருந்தது.