ஒரு கிலோ 58 ரூபாய்

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் கொள்முதல் பிரிவில் 20 வருஷமாக இருக்கிறேன். கொட்டேஷன் பார்ப்பதுதான் பிழைப்பு. அந்த மிதப்பில்தான் தங்கச்சி வீட்டுக் கம்பி விஷயத்தில் தலையிட்டேன். அவள் என்னைத் தேடி வரவில்லை. "கம்பியை என்கிட்ட விடு, நீங்க ஏமாந்துருவீங்க" என்று நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மேஸ்திரி கேட்டது 12 எம்.எம். கம்பி 150, 8 எம்.எம். கம்பி 250. எல்லாம் 12 மீட்டர் நீளம். இரண்டு கடைகளில் விலை கேட்டிருந்தார் மாப்பிள்ளை. முதல் கடைக்காரர் பி.டி.எஃப். அனுப்பியிருந்தார்: எந்த அளவானாலும் கிலோ 58 ரூபாய். இரண்டாவது கடைக்காரர் அனுப்பியது எக்செல். அதில் கிலோ என்ற பேச்சே இல்லை. 12 எம்.எம். கம்பி ஒன்று 715, 8 எம்.எம். ஒன்று 325, வரியும் வண்டி வாடகையும் சேர்த்து.

சாயங்கால பஸ்ஸில், செல்போனில், ஒரு ஃபைலைத் திறந்து மூடி இன்னொன்றைத் திறந்து பார்த்தேன். ஒன்று கிலோ கணக்கு, ஒன்று கம்பிக் கணக்கு. எனக்கா தெரியாது? கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்.எம். கம்பி ஒன்று 10.66 கிலோ, 8 எம்.எம். ஒன்று 4.74 கிலோ. 715-ஐ 10.66-ஆல் வகுத்தேன். கிலோ 67 ரூபாய். அந்தப் பக்கம் 58. கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கூட!

மொத்தத்தையும் போட்டேன். எடை 2,784 கிலோ. முதல் கடையில் 1,61,472 ரூபாய், இரண்டாவதில் 1,88,500. பஸ் இறங்குவதற்குள் தங்கச்சிக்குப் போன் செய்து, "27 ஆயிரம் மிச்சம் பண்ணிக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்ன செய்தாள் என்றால், அந்த 27 ஆயிரத்தை நம்பி, வேப்ப மரத்தில் போட இருந்த தலைவாசல் கதவைத் தேக்குக்கு மாற்றி முன்பணமும் கொடுத்துவிட்டாள்.

பி.டி.எஃப்.பின் அடியில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி, வண்டி வாடகை தனி, எடைமேடையில் வரும் எடைக்குத்தான் பில். நான் அவற்றைப் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன். ஆலையில் எனக்கு வருகிற கொட்டேஷன் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும். அங்கே நாங்கள் வரியைக் கணக்கில் எடுப்பதில்லை. கட்டிய வரி உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பி வந்துவிடும், ஆகவே அடிப்படை விலையை மட்டும் ஒப்பிடுவோம். 20 வருஷமாக அந்த வரிக்கு மேலேயே நின்றுவிடப் பழகிய கண் எனக்கு. வீடு கட்டுகிற தங்கச்சிக்கு எந்த வரவும் கிடையாது, அவள் கட்டுகிற வரி அவளுக்குச் செலவுதான். இத்தனைக்கும் ஆலையே தனக்கு ஆபீஸ் கட்டடம் கட்டினாலும் அந்தக் கம்பிக்கு வரவு எடுக்கச் சட்டம் விடாது. இதுவும் எனக்குத் தெரியும்.

பழக்கத்தின் மேல் பழி போட்டு நான் தப்பிக்கவும் முடியாது. ஆபீஸ் வழக்கப்படியே ஒழுங்காகப் பார்த்திருந்தால், இரண்டாவது கடையின் 715-லிருந்து வரியைக் கழித்திருக்க வேண்டும். 1.18-ஆல் வகுத்தால் 606. அதைக் கிலோவுக்கு மாற்றினால் 57-க்கும் கொஞ்சம் கீழே. அப்போதே அவர் விலைதான் குறைவு. நான் ஒரு பக்கம் வரி சேர்த்த விலையையும் மறு பக்கம் வரி சேராத விலையையும் வைத்தேன். கம்பியைக் கிலோவாக மாற்றிவிட்ட பெருமையில், மாற்ற வேண்டியது எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

லோடு இறங்கிய அன்று மாப்பிள்ளை பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். எடைமேடைச் சீட்டில் 2,730 கிலோ. 58 ரூபாய் வீதம் 1,58,340, வரி 28,501, ஆக 1,86,841. கீழே, "மச்சான், வண்டிக்காரருக்குத் தனியா 4,000 கொடுத்தேன். நீங்க 1,61,000-ன்னுதானே சொன்னீங்க?"

கூட்டினால் 1,90,841. மற்ற கடையைவிட 2,341 ரூபாய் அதிகம். எடை 54 கிலோ குறைவாக வந்ததால்தான் இதோடு போனது. கணக்கு எடை அப்படியே வந்திருந்தால் 6,000 ரூபாய் கூடியிருக்கும். 12 எம்.எம். கம்பியில் 5 சதவீதம், 8 எம்.எம்.மில் 7 சதவீதம் எடை கூடவோ குறையவோ இந்தியத் தர நிர்ணயமே இடம் தருகிறது. இதைச் சொல்லி என்னை நானே கொஞ்ச நேரம் தேற்றிக்கொண்டேன். எடை குறைந்தால் இரும்பும் குறைந்தது என்றுதானே அர்த்தம்?

மாப்பிள்ளைக்கு நான் அனுப்பிய பதில்தான் இதையெல்லாம் எழுத வைத்தது. "இரும்பு விலை திடீர்னு ஏறிருச்சு மாப்ள. ஆர்டர் போட்ட பிறகு ஒண்ணும் பண்ண முடியல." அவர் நம்பினார். அதே பில்லில் கிலோ 58 என்று அச்சாகியிருக்கிறது. கொட்டேஷனிலும் 58-தான்.

செய்திருக்க வேண்டியது பத்து நிமிஷ வேலை. ஒரு தாளை எடுத்து, இரண்டு கடையையும் அடுத்தடுத்து எழுதி, வாங்குகிறவளின் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும்: வாசலில் இறங்கிய ஒரு கம்பி, எல்லாம் சேர்த்து எவ்வளவு? முதல் கடையில் 58-உடன் வரி சேர்த்தால் 68.44. வண்டி வாடகை 4,000-ஐ மொத்த எடைக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 1.44. ஆக 69.88. அதை 10.66-ஆல் பெருக்கினால் ஒரு 12 எம்.எம். கம்பி 745 ரூபாய். பக்கத்தில் 715. பிறகு இரண்டாவது கடைக்காரரிடம் ஒரு போன்: உங்கள் கம்பி ஒன்று என்ன எடை வரும்? கம்பிக் கணக்கில் விற்கிறவரிடம் எடை லேசானால் லாபம் அவருக்கு. 715 ரூபாய்க்கு 10.23 கிலோவுக்கும் கீழே வந்தால், கிலோ விலையில் அவர்தான் கூட. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அதனால் அந்தக் கடை உண்மையில் மலிவா என்பதைக்கூட இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் மிச்சம் 27 ஆயிரம் என்று எந்தக் கணக்கிலும் வராது. தேக்குக் கதவின் பாக்கிக்குத் தங்கச்சி கைவளையலை அடகு வைத்தாள். அதை மீட்கிற பணத்தை, "அண்ணன் சீர்" என்று சொல்லி, போன மாதம் நான் கொடுத்தேன். அதற்கும் அவர்கள் நன்றி சொன்னார்கள்.

மாப்பிள்ளை, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும் என்று தெரியும். அன்றைக்கு இரும்பு விலை ஏறவில்லை. பில்லை எடுத்துப் பாருங்கள்.